சோலாருக்கு 0.8-ஆ, 10-ஆ? நிகர ஆற்றல் பற்றிய கட்டுரையில் எந்த எண்ணை எழுதுவது?

கனிமொழி

எல்லோருக்கும் வணக்கம். முதுகலைப் பொருளியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆற்றல் மாற்றம் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுத வேண்டும். நிலக்கரி, எண்ணெய், அணு, காற்று, சூரியன் ஒவ்வொன்றிலும் ஒரு யூனிட் ஆற்றலைச் செலவழித்தால் எத்தனை யூனிட் திரும்ப வருகிறது என்ற இஆர்ஓஐ விகிதத்தை வைத்து அதைக் கட்டலாம் என்று நினைத்தேன். ஒரு அட்டவணை போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது என்றுதான் இருந்தேன்.

அட்டவணையே நிற்கவில்லை. சோலாருக்கு மட்டும் மூன்று எண்கள் கிடைத்தன. சார்லஸ் ஹால் குழு 2014-இல் வெளியிட்ட தொகுப்பில் 10. ஜெர்மனியில் வைஸ்பாக் குழு 2013-இல் போட்ட கணக்கில் 3.9, மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் செலவையும் சேர்த்தால் 1.6. சுவிட்சர்லாந்தை வைத்து ஃபெரோனி, ஹாப்கிர்க் இருவரும் 2016-இல் எழுதியதில் சுமார் 0.8. அதாவது போட்ட ஆற்றல்கூடத் திரும்பி வருவதில்லை என்கிறார்கள். மூன்றும் ஆய்விதழ்களில் வந்தவை. நான் எதை எடுத்துக்கொள்வது? சராசரி போட்டுவிடலாமா?

செந்தூரன் (திருச்சி)

சராசரி எதற்கு? ஹால் தொகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள், அதிகம் மேற்கோள் காட்டப்படுவது அதுதான். அதில் நிலக்கரிக்கு 46, எண்ணெயும் எரிவாயுவும் சேர்ந்து 20, சோலாருக்கு 10. இதிலேயே விடை இருக்கிறது. 46 கொடுக்கும் எரிபொருளை விட்டுவிட்டு 10 கொடுப்பதற்குப் போனால் சமூகத்தின் கையில் மிஞ்சும் ஆற்றல் நாலில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ஆற்றல் மாற்றம் என்று பேசுபவர்கள் இந்த ஒரு கணக்கைத் தொடுவதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

சண்முகம் (கரூர்)

என் அனுபவத்தைச் சொல்கிறேன். 2021-இல் வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டேன். ஒரு நாளைக்குச் சராசரியாக 12 யூனிட் வருகிறது, மழைக்காலத்தில் குறையும். கரண்ட் பில்லில் மிச்சமாகிற தொகையைக் கூட்டிப் பார்த்தால் ஐந்தாறு வருடத்தில் போட்ட காசு வந்துவிடும். அப்புறம் இருபது வருடம் லாபம்தான். எனவே என் கணக்கில் 4 அல்லது 5 என்று எழுதலாம். ஐரோப்பாக்காரர்களின் எண் நமக்குப் பொருந்தாது.

மலர்விழி (ஸ்டுட்கார்ட்)

நான் இங்கே ஒரு ஆலோசனை நிறுவனத்தில் பொருட்களின் வாழ்நாள் ஆற்றல் கணக்குப் போடும் வேலையில் இருக்கிறேன். கனிமொழி, தயவு செய்து சராசரி மட்டும் போடாதீர்கள். இந்த மூன்று எண்களும் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள்.

சண்முகம் அண்ணா, நீங்கள் சொன்னது பணம் திரும்பும் காலம். அதில் மானியம், கட்டண விகிதம், கடன் வட்டி எல்லாம் கலந்திருக்கிறது. நாளைக்கே மின்கட்டணம் இரண்டு மடங்கானால் உங்கள் எண் மாறிவிடும். ஆனால் அந்தப் பேனலைச் செய்ய உலையில் எரிந்த ஆற்றல் மாறாது. கனிமொழி கேட்பது இந்த இரண்டாவதை. ஆனாலும் நீங்கள் சொன்னதில் ஒரு முக்கியமான தகவல் இருக்கிறது. 3 கிலோவாட்டுக்கு நாள் ஒன்றுக்கு 12 யூனிட் என்றால் ஒரு கிலோவாட்டுக்கு ஆண்டுக்கு 1,460 யூனிட். சுவிட்சர்லாந்தில் கிலோவாட்டுக்கு ஆயிரம் யூனிட் வந்தாலே நல்ல விளைச்சல். அதே பேனல், அதே உலைச் செலவு, வெயில் மட்டும் ஒன்றரை மடங்கு. ஐரோப்பிய எண் நமக்குப் பொருந்தாது என்று நீங்கள் சொன்னது அந்த அளவில் சரிதான்.

0.8 எப்படி வந்தது என்பதை இன்று இரவு விரிவாக எழுதுகிறேன். அது தெரிந்தால் மற்ற எண்களைப் படிக்கும் முறையும் பிடிபடும்.

குமாரசாமி (ஓய்வு, அனல்மின் நிலையம்)

செந்தூரன் தம்பிக்கு ஒரு வார்த்தை. முப்பத்திரண்டு வருடம் கொதிகலன் பக்கத்திலேயே இருந்தவன் நான். நிலக்கரிக்கு 46 என்று எப்படிச் சொல்கிறார்கள்? 100 யூனிட் வெப்பம் உள்ள கரியைப் போட்டால் 35 யூனிட் மின்சாரம் வந்தாலே பெரிய விஷயம். மீதி புகைபோக்கியிலும் குளிர்விப்பு நீரிலும் போய்விடுகிறது. அப்படிப் பார்த்தால் நிலக்கரியின் விகிதம் 0.35 தானே? சோலார் 0.8 என்றாலும் அதைவிட மேல்தான்!

மலர்விழி (ஸ்டுட்கார்ட்)

ஐயா, இதில் நிறையப் பேர் குழம்புவார்கள், அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்லும் 35 சதவீதம் நிலையத்தின் திறன். இஆர்ஓஐயில் பூமிக்கடியில் கிடந்த கரியின் வெப்பம் நாம் போட்ட முதலீடாகக் கணக்கில் வராது, பேனல் மேல் விழும் வெயில் வராதது போலத்தான். வெயிலையும் செலவாக எழுதினால் சோலார் 0.2 என்று வந்து நிற்கும்.

முதலீடு என்பது அந்தக் கரியை எடுக்கவும் கொண்டுவரவும் நிலையம் கட்டவும் சமூகம் தன் கையிலிருந்து எடுத்துக் கொடுத்த ஆற்றல். தோண்டும் இயந்திரத்தின் மின்சாரம், டம்பர் லாரியின் டீசல், ரயில், கப்பல், இரும்பு, சிமென்ட் இவைதான். புகைபோக்கியில் போகும் வெப்பம் கீழே உள்ள எண்ணைக் கூட்டாது, மேலே உள்ள எண்ணைக் குறைக்கும். அது எங்கே குறைக்கிறது என்பதில்தான் செந்தூரனின் 46-க்கான பதில் இருக்கிறது. கரி எந்த வழியாக வந்து சேரும் என்று நீங்களே எழுதினால் நன்றாக இருக்கும்.

குமாரசாமி (ஓய்வு, அனல்மின் நிலையம்)

சரிம்மா, இப்போது புரிகிறது. வெயிலை வைத்துச் சொன்னது மனதில் நின்றது.

எங்கள் மேட்டூர் கரிக்கு வழி இதுதான். ஒடிசாவில் தால்சேர் பக்கம் சுரங்கம். அங்கிருந்து ரயிலில் பாரதீப் துறைமுகம். அங்கே கப்பலில் ஏற்றி எண்ணூர். எண்ணூரில் இறக்கி மறுபடியும் ரயிலில் மேட்டூர். அந்தக் கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். அதாவது எரியாத மண்ணையும் சேர்த்து அத்தனை தூரம் இழுத்து வருகிறோம். வந்த பிறகு அரவை ஆலையில் மாவாக அரைக்க வேண்டும், பெரிய விசிறிகள் ஓட வேண்டும், கொதிகலனுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு ஓட வேண்டும், சாம்பலைக் குழாயில் தள்ள வேண்டும். நிலையம் உற்பத்தி செய்வதில் 7 அல்லது 8 சதவீதம் நிலையத்துக்குள்ளேயே போய்விடும்.

நெய்வேலியில் ரயில் செலவு கிடையாது, சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே நிலையம். ஆனால் அங்கே வேறு செலவு. லிக்னைட்டின் மேலிருக்கும் மண்ணை ராட்சச சக்கர இயந்திரங்கள் வெட்டி எடுக்க வேண்டும், அவை மின்சாரத்தில் ஓடுபவை. லிக்னைட்டுக்குக் கீழே அழுத்தத்தில் நிற்கும் நிலத்தடி நீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் சுரங்கத் தளமே பிளந்து தண்ணீர் மேலே வந்துவிடும்.

மலர்விழி (ஸ்டுட்கார்ட்)

மிக்க நன்றி ஐயா. இப்போது 46-ஐ அந்த வழியிலேயே நடத்திக் கூட்டிப் போகலாம். இனி வருபவை முறையைக் காட்டுவதற்கான தோராயக் கணக்கு மட்டுமே.

46 என்பது சுரங்க வாயில் எடுத்த எண். 1 யூனிட் செலவில் 46 யூனிட் வெப்பம் கொண்ட கரி குவியலாகக் கிடக்கிறது. அதை 35 சதவீதத் திறனில் எரித்தால் 16 யூனிட் மின்சாரம். நிலையத்தின் சொந்தத் தேவை போனால் 15. கம்பியில் பத்துப் பன்னிரண்டு சதவீதம் இழந்தால் வீட்டுக்கு 13. இது மேலே உள்ள எண். கீழே இருந்த 1 இப்போது 1 இல்லை. இரண்டு ரயில், ஒரு கப்பல், அரவை இயந்திரத்தின் இரும்பு, நிலையத்தின் கான்கிரீட் எல்லாம் சேர்ந்து 1.5 ஆகிறது என்று வையுங்கள். 13-ஐ 1.5-ஆல் வகுத்தால் 9-க்குக் கீழே.

சோலாரின் 10 தொடக்கத்திலேயே மின்சாரமாகத்தான் எண்ணப்பட்டது. அதற்கும் இன்வெர்ட்டர் இழப்பு, கம்பி இழப்பு உண்டு, ஆனால் மூன்றில் இரண்டு பங்கை வெப்பமாக இழக்கும் படி அதில் இல்லை. 46-ஐயும் 10-ஐயும் ஒரே நிரலில் எழுதுவது, வயலில் நிற்கும் நெல்லின் எடையையும் தட்டில் வைத்த சோற்றின் எடையையும் ஒப்பிடுவது போல.

இதை உலக அளவில் கணக்கிட்டவர்கள் இருக்கிறார்கள். பிராக்வே குழு 2019-இல் நேச்சர் எனர்ஜி இதழில் எழுதியது. புதைபடிவ எரிபொருட்களுக்கு எடுக்கும் இடத்தில் 25-க்கு மேல் வரும் விகிதம், பயன்படுத்துபவர் கைக்கு வரும்போது சுமார் 6, அதுவே மின்சாரமாக வந்தால் சுமார் 3 என்றார்கள்.

செந்தூரன் (திருச்சி)

அந்தக் கட்டுரை எனக்குத் தெரியாது, தேடிப் படிக்கிறேன். 46 சுரங்க வாய் எண் என்பதை ஏற்கிறேன். ஆனால் வைஸ்பாக் கணக்கு சுரங்க வாயில் நிற்கவில்லை. நிலையத்திலிருந்து வரும் மின்சாரத்தைத்தான் எடுத்திருக்கிறார்கள். அதிலும் நிலக்கரிக்கு 30, அணுவுக்கு 75, சோலாருக்கு 3.9. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மலர்விழி (ஸ்டுட்கார்ட்)

நல்ல கேள்வி, சும்மா தள்ளிவிட முடியாது. அவர்கள் ஜெர்மனி வெயிலை எடுத்தார்கள், பேனல் தயாரிப்புக்கு அப்போது இருந்த பழைய தரவை எடுத்தார்கள். 3.9 அந்தக் காலத்துக்கும் அந்த ஊருக்கும் குறைந்த எண், ஆனால் அபத்தம் என்று சொல்ல மாட்டேன். விவாதத்துக்கு உரியது 1.6 என்ற எண். சேமிப்பின் முழுச் செலவையும் சோலார், காற்று ஆகியவற்றின் தலையில் மட்டும் வைப்பது ஒரு தேர்வு. மின்கட்டமைப்பில் சோலார் 5 சதவீதம் இருக்கும்போது சேமிப்பு தேவையே இல்லை. 60 சதவீதம் ஆகும்போது நிறையத் தேவை. எனவே சேமிப்புச் செலவைப் பேனலின் குணமாக எழுத முடியாது, அது கட்டமைப்பின் குணம். அதை எப்படிப் பங்கிடுவது என்பதில் எங்கள் துறையில் இன்னும் ஒத்த கருத்து வரவில்லை.

இப்போது 0.8. ஃபெரோனி, ஹாப்கிர்க் ஒரு சதுர மீட்டர் பேனலை எடுத்துக்கொள்கிறார்கள். 25 ஆண்டில் அது தருவது 2,203 யூனிட் என்கிறார்கள். செலவு இப்படி:

```
தயாரிப்பு, நிறுவுதல், அகற்றல்     1300
கட்டமைப்பில் சேர்த்தல், சேமிப்பு    349
உழைப்பு                       505
மூலதனம்                       420
பழுதான கருவிகள்                 90
மொத்தம்                      2664
```

2203-ஐ 2664-ஆல் வகுத்தால் 0.83.

இதில் உழைப்பு, மூலதனம் என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து 925, மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். இவை எந்த மீட்டரிலும் அளந்தவை அல்ல. தொழிலாளியின் கூலியையும் முதலீட்டின் வட்டியையும் பிராங்கில் எடுத்து, நாட்டின் பொருளாதாரத்தில் ஒரு பிராங்குக்கு எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்ற விகிதத்தால் பெருக்கி வந்தவை. கூலி வாங்கியவர் வீட்டில் அடுப்பு எரிப்பதும் காரில் போவதும் பேனலின் செலவாகிவிடுகிறது. அப்படி எண்ணக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்படி எண்ணினால் சுரங்கத் தொழிலாளிக்கும் அணு உலைப் பொறியாளருக்கும் அதே போல எண்ண வேண்டும். சோலாருக்கு மட்டும் எல்லையை விரித்துவிட்டு, குறுகிய எல்லையில் கணக்கிட்ட அணுமின்சார எண்ணோடு அதை ஒப்பிட முடியாது.

கனிமொழி

அக்கா, நீங்கள் சொன்னபடி உழைப்பு, மூலதனம், சேமிப்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு 1300 மட்டும் வைத்துப் பார்த்தேன். 2203-ஐ 1300-ஆல் வகுத்தால் 1.7 தான் வருகிறது. 10-க்குப் பக்கத்தில்கூட இல்லையே. அப்படியானால் எல்லை மட்டும் காரணம் இல்லை, இல்லையா?

மலர்விழி (ஸ்டுட்கார்ட்)

நீங்களே வகுத்துப் பார்த்தது எனக்கு ரொம்ப மகிழ்ச்சி. ஆமாம், எல்லை பாதிக் கதைதான். மீதி அந்த 1300-லும் 2203-லும் இருக்கிறது.

முதலில் 2203. 25-ஆல் வகுத்தால் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 88 யூனிட். அவர்கள் எடுத்த தொடக்க எண் 106, ஆண்டுகள் போகப் போகத் தேயும் என்று கழித்திருக்கிறார்கள். 106 என்பது ஏற்கெனவே நாட்டில் மாட்டியிருக்கும் பழைய பேனல்களையும் சேர்த்த சராசரி. 17 சதவீதத் திறனுள்ள பேனல் ஒரு சதுர மீட்டரில் 170 வாட். கிலோவாட்டுக்கு ஆயிரம் யூனிட் என்றால் 170 யூனிட் வரும். வாழ்நாள் 30 ஆண்டு என்பதுதான் சர்வதேச ஆற்றல் முகமையின் சோலார் வழிகாட்டுதல்.

அடுத்து 1300. பேனலுக்குப் போகும் ஆற்றலில் பெரும்பகுதி கண்ணாடிக்கோ அலுமினியச் சட்டத்துக்கோ போவதில்லை. மணலிலிருந்து எடுத்த சிலிக்கானைச் சுத்திகரித்து, உருக்கி, பெரிய கட்டியாக வளர்த்து, மெல்லிய தகடாக அறுக்கும் வரை உள்ள வேலையில் போகிறது. 2000-களின் தொடக்கத்தில் அந்தத் தகடு 300 மைக்ரான் பருமன். இப்போது 180-க்கும் கீழே. அறுக்கும்போது தூளாக வீணாவதும் வைரத்தூள் பூசிய கம்பி வந்த பிறகு குறைந்தது. ஒரு வாட்டுக்குத் தேவைப்படும் சிலிக்கான் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. பத்து வருடப் பழைய தொழிற்சாலைத் தரவை எடுத்தால், இன்று யாரும் செய்யாத பேனலுக்குக் கணக்குப் போடுகிறோம்.

2017-இல் ராவுகெய் தலைமையில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து அதே இதழில் மறுப்பு எழுதினார்கள். ஒரே செலவை இரண்டு முறை எண்ணியதையும் காட்டினார்கள். சுவிட்சர்லாந்துக்கே அவர்கள் மறுபடி போட்ட கணக்கில், எல்லையைப் பொறுத்து 7-இலிருந்து 10 வரை வந்தது.

இதிலும் ஒன்றைக் கவனியுங்கள். ராவுகெய் குழுவின் அந்த 7, 10 எல்லாம் வெளியே வரும் ஒரு யூனிட் மின்சாரத்தை, அதே மின்சாரத்தை அனல் நிலையத்தில் எடுக்கத் தேவைப்படும் எரிபொருளாக மாற்றி எண்ணுவது. அப்படி மாற்றாமல் எண்ணினால் விகிதம் சுமார் மூன்றில் ஒரு பங்காகத் தெரியும். எனவே ஒரு எண்ணைப் பார்த்தால் தரவு எந்த வருடத்தது, ஒரு சதுர மீட்டர் எவ்வளவு தருவதாக வைத்திருக்கிறார்கள், வருவது மின்சாரமாக எண்ணப்பட்டதா எரிபொருளாகவா என்று முதலில் தேடுங்கள். இது எதுவும் சொல்லாத அட்டவணையை நான் பயன்படுத்துவதில்லை.

ராஜேந்திரன் (சர்க்கரை ஆலை)

இந்தக் கணக்கில் எத்தனாலையும் சேர்த்தால் நன்றாக இருக்கும். அமெரிக்க மக்காச்சோள எத்தனாலை வைத்து இதே சண்டை முன்பு நடந்தது. பிமென்டலும் பாட்செக்கும் 2005-இல், எத்தனால் தருவதைவிட 29 சதவீதம் அதிகப் புதைபடிவ ஆற்றல் செலவாகிறது என்றார்கள். அடுத்த வருடமே பெர்க்லியிலிருந்து ஃபாரல் குழு சயன்ஸ் இதழில், கொஞ்சம் லாபம் உண்டு என்றது. வித்தியாசத்தில் பெரும்பகுதி, எத்தனால் எடுத்த பிறகு மிஞ்சும் மாட்டுத்தீவனத்துக்கு ஆற்றலில் பங்கு கொடுப்பதா இல்லையா என்பதில்தான்.

கரும்பில் நிலைமை வேறு. எங்கள் ஆலையில் கொதிகலனுக்கு வெளியிலிருந்து கரி வாங்குவதில்லை, சக்கையே எரிகிறது, அதிலேயே மின்சாரமும் எடுத்து விற்கிறோம். காய்ச்சி வடிக்கும் வெப்பம் இலவசம் மாதிரி. எனவே எத்தனால் என்று ஒரே எண் போட்டால் தப்பாகிவிடும்.

மலர்விழி (ஸ்டுட்கார்ட்)

உண்மை. ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும். கரும்புக்குச் சொல்லும் பெரிய விகிதங்கள் பெரும்பாலும் புதைபடிவ ஆற்றலை மட்டும் கீழே வைப்பவை, சக்கையின் வெப்பத்தை எண்ணாதவை. அதையும் சொல்லி எழுதினால் நல்லது.

செந்தூரன் (திருச்சி)

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நாலில் ஒரு பங்காகிவிடும் என்று முதலில் எழுதியது தப்பு. நேற்று உட்கார்ந்து வரைபடம் போட்டேன். கையில் மிஞ்சும் பங்கு `1 - 1/EROI`. 46 என்றால் 98 சதவீதம் மிஞ்சும். 10 என்றால் 90. 5 என்றாலும் 80. 2-க்கு வந்தால்தான் பாதியாகிறது, 1.2-இல் 17. அதாவது 5-க்குக் கீழே போகும்வரை தரை சமமாகத்தான் இருக்கிறது, அதற்கப்புறம் மலைச்சரிவு போல இறங்குகிறது. அப்படியானால் 10-க்கும் 20-க்கும் வித்தியாசமே இல்லை. இந்த விகிதத்தை வைத்து ஏன் இவ்வளவு பேச வேண்டும் என்றே தோன்றுகிறது.

மலர்விழி (ஸ்டுட்கார்ட்)

செந்தூரன், சரிவைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் கடைசி வரியில்தான் நான் உங்களோடு மாறுபடுகிறேன். கனிமொழியின் கட்டுரையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்த வரைபடம் நிலையாக ஓடிக்கொண்டிருக்கும் ஓர் அமைப்புக்குப் பொருந்தும். மாறிக்கொண்டிருக்கும் அமைப்புக்கு அல்ல. நிலக்கரியில் செலவு வருடா வருடம் பரவி வருகிறது, தோண்டத் தோண்டத்தான் செலவு. சோலாரில் முப்பது வருடச் செலவின் பெரும்பகுதி முதல் நாளிலேயே கொடுத்தாக வேண்டும். அதனால் வாழ்நாள் விகிதத்தை விட, போட்ட ஆற்றல் எத்தனை வருடத்தில் திரும்புகிறது என்பதும் நாம் எவ்வளவு வேகமாகக் கட்டுகிறோம் என்பதும் முக்கியமாகிவிடுகின்றன.

ஒரு கணக்கு. முதல் வருடம் கட்டும் பேனல்கள் அடுத்த வருடத்திலிருந்து ஆண்டுக்கு 100 யூனிட் தரும். ஒவ்வொரு வருடமும் முந்தைய வருடத்தைவிட 25 சதவீதம் கூடுதலாகக் கட்டுகிறோம். திரும்பும் காலம் ஒன்றரை வருடம் என்றால், முதல் வருடச் செலவு 150, வரவு இல்லை. இரண்டாம் வருடம் செலவு 187, வரவு 100. மூன்றாம் வருடம் செலவு 234, வரவு 225. நாலாம் வருடம் செலவு 293, வரவு 381. ஐந்தாம் வருட முடிவில் கூட்டிப் பார்த்தால் பழைய கடன் எல்லாம் தீர்ந்து 50 யூனிட்டுக்கு மேல் கையில் நிற்கிறது.

இப்போது திரும்பும் காலத்தை மட்டும் 4 வருடமாக மாற்றுங்கள். முதல் வருடம் செலவு 400, வரவு இல்லை. இரண்டாம் வருடம் செலவு 500, வரவு 100. மூன்றாம் வருடம் 625, 225. நாலாம் வருடம் 781, 381. ஒவ்வொரு வருடமும் சரியாக 400 யூனிட் பற்றாக்குறை. அந்த வேகத்தில் கட்டும்வரை அது தீரவே தீராது. 25 சதவீதத்தை 4-ஆல் பெருக்கினால் 1 வருகிறது, அதனால்தான். 1-க்கு மேல் போனால் பற்றாக்குறை வருடா வருடம் பெருகும்.

30 வருட வாழ்நாளுக்கு இந்த இரண்டின் விகிதங்கள் 20-உம் 7.5-உம். உங்கள் வரைபடத்தில் 95 சதவீதம், 87 சதவீதம், பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒன்று ஐந்தே வருடத்தில் நாட்டுக்கு மின்சாரம் கொடுக்கிறது, இன்னொன்று வளரும் காலம் முழுக்க நாட்டிடமிருந்து வாங்கிக்கொண்டே இருக்கிறது.

குமாரசாமி (ஓய்வு, அனல்மின் நிலையம்)

இது தென்னை வைத்த கதைதான். ஒரு கன்று வைத்தால் சில வருடம் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காய் பறிக்கலாம். ஆனால் வருடா வருடம் தோப்பைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் கிணற்றுத் தண்ணீர் முழுக்கக் கன்றுகளுக்கே போய்விடும். நிஜத்தில் அப்படி நடந்திருக்கிறதா அம்மா?

மலர்விழி (ஸ்டுட்கார்ட்)

நடந்திருக்கிறது ஐயா. ஸ்டான்ஃபோர்டில் டேல், பென்சன் இருவரும் 2013-இல் உலக சோலார் துறை முழுவதையும் ஒரே கணக்காக எடுத்துப் பார்த்தார்கள். 2000-களில் துறை வருடத்துக்கு 40 சதவீதம் அளவுக்கு வளர்ந்தது, அப்போது பேனலின் ஆற்றல் திரும்ப இன்றைவிட நீண்ட காலம் ஆனது. அந்தப் பத்தாண்டில் பெரும்பாலும் துறை கொடுத்ததைவிட அதிகமாக மின்சாரத்தை எடுத்திருக்கிறது. 2012 வாக்கில்தான் நிகரமாகக் கொடுக்கும் பக்கம் வந்திருக்கப் பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு என்றார்கள். அதே வேகத்தில் வளர்ந்தும் நிலைமை மாறியதற்குக் காரணம், தகடு மெலிந்ததும் திறன் கூடியதும்தான். இன்று ஐரோப்பிய வெயிலிலேயே திரும்பும் காலம் ஒன்று, ஒன்றே கால் வருடம் என்ற அளவுக்கு வந்துவிட்டது. கரூரில் இன்னும் குறையும்.

சண்முகம் (கரூர்)

அப்படியென்றால் என் வீட்டுப் பேனல் போட்ட வருடத்திலோ அடுத்த வருடத்திலோ தன் ஆற்றல் கடனை அடைத்துவிட்டது, பணக் கடன்தான் இன்னும் பாக்கி. இரண்டும் வேறு என்று இப்போது புரிகிறது. பேட்டரி வைக்கச் சொல்லி ஒருவர் வந்து போனார். அதை வைத்தால் இந்தக் காலம் எவ்வளவு கூடும்?

மலர்விழி (ஸ்டுட்கார்ட்)

பேட்டரியின் அளவைப் பொறுத்தது அண்ணா. அதைவிட முக்கியம், அதை எத்தனை முறை நிரப்பி இறக்குகிறீர்கள் என்பது. தினமும் வேலை செய்யும் சின்ன பேட்டரி தன் செலவுக்கு நியாயம் செய்யும். கரண்ட் போகும் அன்றைக்கு மட்டும் என்று பெரிதாக வாங்கி வைத்தால், செய்வதற்குப் போன ஆற்றல் அப்படியே சும்மா நிற்கும். உங்கள் ஊரில் மின்வெட்டு எவ்வளவு என்று சொன்னால் சேர்ந்து கணக்குப் போடலாம்.

செந்தூரன் (திருச்சி)

25 சதவீதத்தை 4-ஆல் பெருக்கும் அந்தக் கணக்கு எனக்குப் புதிது. ஆனால் அது சேமிப்புக்கும் பொருந்த வேண்டும், இல்லையா? பேனலோடு பேட்டரி, புதிய கம்பித்தடம், மாற்று நிலையம் எல்லாம் அதே வேகத்தில் வளர வேண்டும். அவற்றையும் கூட்டினால் ஒன்றே கால் வருடம் மறுபடி மூன்று வருடமாகலாம். என் சந்தேகம் அங்கேயே நிற்கிறது.

மலர்விழி (ஸ்டுட்கார்ட்)

அந்தச் சந்தேகம் நியாயமானது, நானும் அதில் உறுதியாகப் பேச மாட்டேன். பகலில் வரும் மின்சாரத்தை எவ்வளவு பேர் பகலிலேயே பயன்படுத்துவார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. பகலில் ஓடும் விவசாய பம்புசெட்டுக்குப் பேட்டரியே வேண்டாம். இரவு ஏழு மணித் தேவைக்கு வேண்டும். வளர்ச்சி வேகம் குறையும்போது உங்கள் மூன்று வருடமும் தாங்கக்கூடியதாகிவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கனிமொழி

எல்லோருக்கும் நன்றி. அட்டவணையை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக குமாரசாமி ஐயா சொன்ன தால்சேர் முதல் மேட்டூர் வரையான பாதையை ஒரு பகுதியாகவும், அந்த ஐந்து வருடக் கணக்கை இன்னொரு பகுதியாகவும் எழுதுகிறேன். முதல் பத்தி இப்படித் தொடங்குகிறது, பார்த்துச் சொல்லுங்கள்:

"ஓர் எரிபொருளின் ஆற்றல் விகிதத்தைச் சொல்லும்போது அது எந்த இடத்தில் அளக்கப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். சுரங்க வாயில் 46 என்று காட்டும் நிலக்கரி, வீட்டு சுவிட்சை அடையும்போது 9 ஆகிவிடுகிறது."

மலர்விழி (ஸ்டுட்கார்ட்)

முதல் வாக்கியம் நன்றாக இருக்கிறது. இரண்டாவதில் அந்த 9-ஐ எடுத்துவிடுங்கள். 1.5 என்பது முறையைக் காட்ட நான் கையால் வைத்த எண், யாரும் அளந்தது அல்ல. பிராக்வே குழுவின் 3-ஐப் போடுங்கள், ஆனால் அது உலகச் சராசரி, மேட்டூருக்கானது அல்ல என்று அதே வரியில் எழுதிவிடுங்கள்.

குமாரசாமி (ஓய்வு, அனல்மின் நிலையம்)

மேட்டூருக்கே கணக்கு வேண்டுமென்றால், ஒரு ரேக்கில் எத்தனை டன் வரும், மாதம் எத்தனை ரேக், அரவை ஆலை எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்பதெல்லாம் என் பழைய நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பரணில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் போடுகிறேன். கப்பல் டீசல் கணக்கு மட்டும் என்னிடம் இல்லை. துறைமுகத்தில் வேலை பார்த்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் எழுதுங்கள்.